கால் வைத்த சோபா போட்டால் அறை ஏன் பெரிதாகத் தெரிகிறது?

"எங்கள் ஹால் 10-க்கு 10 தான். அடி வரை மூடின சோபாவை விட கால் வைத்தது போட்டால் இடம் பெரிதாகத் தெரியும் என்கிறார்களே, ஏன்?"

தரை எங்கே முடிகிறது என்பதை வைத்துத்தான் நம் கண் அறையை அளக்கிறது. 6 அடி நீளம், 3 அடி ஆழமுள்ள சோபா அடி வரை மூடியிருந்தால், தரை அதன் முன்பக்கத்திலேயே நின்றுவிடும், அதாவது சுவரே 3 அடி முன்னால் வந்து நிற்கிற மாதிரி. காலுள்ள சோபாவில் டைல்ஸ் கோடு அடியில் புகுந்து போவது தெரிவதால், தரை இன்னும் நீள்கிறது என்று கண் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் கால் உயரம் முக்கியம். கண் மட்டம் 5 அடி இருக்கிறவர் 7 அடி தள்ளி நின்று பார்த்தால், 6 அங்குலக் காலுக்கு அடியில் சுமார் 9 அங்குலத் தரை தெரியும். 2 அங்குலக் கால் என்றால் மூன்று அங்குலம்தான், அதில் பயனே இல்லை. உட்கார்ந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே தெரியும்.

அப்புறம், அடியில் செருப்பு, அட்டைப்பெட்டி என்று தள்ளினாலும், தரை தொடும் உறை போட்டாலும் கால் இருந்தும் இல்லாத கதைதான். சாமான் வைக்க இடம் வேண்டுமென்றால் கட்டிலை மூடினதாக வாங்குங்கள், வாசலிலிருந்து நேராகத் தெரியும் சோபாவுக்கு மட்டும் கால் இருக்கட்டும்.