அழுத்தாத கட்டை ஏன் ஒலிக்கிறது?

அன்புள்ள ஐயா,

பழுதான பொம்மைக் கீபோர்டு ஒன்றின் 24 கட்டைகளை 4 குறுக்குக் கம்பி, 6 நெடுக்குக் கம்பியாக இணைத்து ஆர்டுயினோ ஊனோவில் கொடுத்திருக்கிறேன். ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சரியாக ஒலிக்கிறது. கூடவே கைசிகி நிஷாதத்தையும் அழுத்தினால், தொடாத பிரதி மத்தியமமும் சுத்த ரிஷபமும் சேர்ந்து கத்துகின்றன. டயோடு எதுவும் போடவில்லை. புரோகிராமிலேயே இதைச் சரிசெய்ய முடியாதா? 24 டயோடு போட்டுத்தான் ஆக வேண்டுமா?

ர., கடலூர் முதுநகர்

அன்புள்ள ர.,

போட்டுத்தான் ஆக வேண்டும். ஏன் என்பதை உங்கள் கட்டைகளை வைத்தே பார்த்துவிடலாம். நீங்கள் எந்தெந்த சுரம் என்று குறித்து எழுதியதால் எனக்கு வேலை சுலபம்.

ஒரு குறுக்குக் கம்பிக்கு 6 கட்டை. முதல் குறுக்கில் ச தொடங்கி சுத்த மத்தியமம் வரை, இரண்டாவதில் பிரதி மத்தியமம் தொடங்கி காகலி நிஷாதம் வரை. ஆக ச இருப்பது முதல் குறுக்கு, முதல் நெடுக்கு. அந்தர காந்தாரம் முதல் குறுக்கு, 5-வது நெடுக்கு. பஞ்சமம் இரண்டாம் குறுக்கு, இரண்டாம் நெடுக்கு. கைசிகி நிஷாதம் இரண்டாம் குறுக்கு, 5-வது நெடுக்கு. ஒரு தாளில் கட்டம் போட்டு இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கவனித்தீர்களா, க-வுக்கு நேர் கீழே நி.

நெடுக்குக் கம்பிகள் ஆறும் புல்-அப் மூலம் 5 வோல்ட்டில் இருக்கின்றன. ஆர்டுயினோ ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறுக்குக் கம்பியை மட்டும் 0 வோல்ட்டுக்கு இழுக்கிறது, மற்ற மூன்றையும் எதிலும் சேராமல் அந்தரத்தில் விட்டுவிடுகிறது. பிறகு எந்த நெடுக்கு கீழே இறங்கியது என்று பார்க்கிறது. இறங்கிய நெடுக்கும் இழுத்த குறுக்கும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் கட்டை அழுத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 10 பின்களில் 24 கட்டையைப் படிக்க முடிவது இதனால்தான்.

இப்போது ப-வை விட்டுவிட்டு ச, க, நி மூன்றை மட்டும் அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் குறுக்கின் முறை வருகிறது. நி அழுத்தியிருப்பதால் 5-வது நெடுக்கு இறங்குகிறது, அது நியாயம். ஆனால் க-வும் அழுத்தியிருப்பதால் அந்த 5-வது நெடுக்கு முதல் குறுக்கோடும் சேர்ந்திருக்கிறது. அந்தரத்தில் இருந்த முதல் குறுக்கும் இறங்கிவிடுகிறது. ச வழியாக அது முதல் நெடுக்கையும் இறக்குகிறது. இரண்டாம் குறுக்கின் முறையில் முதல் நெடுக்கு இறங்கினால் ஆர்டுயினோ என்ன நினைக்கும்? பிரதி மத்தியமம்! புதுச்சேரியில் எதிரே இருக்கும் தெருமுனைக்கு நேர்வழி அடைத்திருந்தால் மூன்று தெரு சுற்றிப் போய்விடுகிறோம் அல்லவா, அதே கதைதான். சுத்த ரிஷபம் வருவதும் இப்படியே, அங்கே சுற்றுவழி க, நி, ப. வெறும் ச, க, ப-வில் தொல்லை வராததற்குக் காரணம், அந்த மூன்றில் எந்த இரண்டும் ஒரே நெடுக்கில் இல்லை. செவ்வகத்தின் மூன்று மூலைகள் அமைந்தால்தான் நான்காவது மூலையில் பேய் வரும்.

பிரதி மத்தியமத்தையும் உண்மையாகவே அழுத்தினால் ஆர்டுயினோவுக்குக் கிடைக்கும் அளவுகள் மேலே சொன்னதிலிருந்து இம்மியும் மாறாது. இல்லாத வித்தியாசத்தை எந்தப் புரோகிராமாலும் கண்டுபிடிக்க முடியாது. செவ்வகம் தெரிந்தால் புதுக் கட்டையை ஏற்காதே என்று எழுதலாம். கடிதம் தட்டச்சு செய்யும் கீபோர்டுக்கு அது போதும். வாசிக்கும் கருவியில் அப்படிச் செய்தால் உண்மையான சுரமே விழுங்கப்படும்.

டயோடு செய்வது இதுதான்: நெடுக்கிலிருந்து குறுக்குக்கு மின்னோட்டம் போகலாம், திரும்பி வரக் கூடாது. மேலே சொன்ன சுற்றுவழியில் மின்னோட்டம் ச வழியாக முதல் குறுக்குக்கு வருவது சரியான திசை. ஆனால் அங்கிருந்து க வழியாக 5-வது நெடுக்குக்கு ஏற வேண்டும், அது எதிர்த்திசை. க-வின் டயோடு அதை மறித்துவிடும். பேய் வரும் கட்டைக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் கட்டையின் டயோடுதான் காவல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

1N4148 வாங்குங்கள். பழைய ரேடியோ, டிவி போர்டுகளிலிருந்தும் கழற்றலாம். கட்டையிலிருந்து குறுக்குக்குப் போகும் செம்புத் தடத்தை பிளேடால் அறுத்து, அறுத்த இடத்தின் மேல் டயோடை வைத்துப் பற்றவையுங்கள். கறுப்புக் கோடு குறுக்குப் பக்கம். டயோடின் காலை அதன் கண்ணாடி உடலை ஒட்டி மடக்காதீர்கள், விரிசல் விடும். டயோடால் அரை வோல்ட் போல வீணாகும், ஆனால் 5 வோல்ட்டில் ஊனோ 1.5 வோல்ட் வரைக்கும் 0 என்றே படிக்கும், பயமில்லை. ரப்பருக்கு அடியில் இருக்கும் கரித்துண்டு உப்புக்காற்றில் மோசமாகி சில ஆயிரம் ஓம் காட்டினாலும் தாங்கும். 5,000 ஓமைத் தாண்டினால் துடைத்து எடுங்கள்.

படிக்கும் பகுதி இவ்வளவுதான். நெடுக்குகளை `setup()`-இல் `INPUT_PULLUP` ஆக்கியிருக்க வேண்டும்.

```
for (byte r = 0; r < 4; r++) {
  pinMode(row[r], OUTPUT);
  digitalWrite(row[r], LOW);
  delayMicroseconds(10);
  for (byte c = 0; c < 6; c++)
    key[r][c] = (digitalRead(col[c]) == LOW);
  pinMode(row[r], INPUT);
}
```

அந்த 10 மைக்ரோ விநாடியை எடுத்துவிடாதீர்கள். முந்தைய குறுக்கை விட்டதும் நெடுக்குக் கம்பி 5 வோல்ட்டுக்கு மீண்டும் ஏறுவது புல்-அப்பின் பலத்தில் மட்டும்தான். ஊனோவுக்குள் இருக்கும் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, நோஞ்சான். கம்பி நீளமாக இருந்தால் ஏறி முடிவதற்குள் அடுத்த குறுக்கைப் படித்துவிடும். அப்போது ச ஒன்றை மட்டும் அழுத்தினாலே பிரதி மத்தியமமும் வரும். ஒற்றைக் கட்டைக்கே பேய் வந்தால் டயோடைச் சந்தேகப்படாதீர்கள், நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

எல்லாம் போட்ட பிறகும் ச, க, நி சேர்க்கும்போது பிரதி மத்தியமம் வந்தால்? அதற்கு மூலைவிட்டத்தில் இருப்பது க. க-வைத் தனியாக அழுத்துங்கள். ஒலித்தால் அதன் டயோடு ஷார்ட் ஆகிவிட்டது, அல்லது அறுத்த தடத்தில் ஈயம் பாலம் போட்டிருக்கிறது. ஒலிக்கவே இல்லை என்றால் டயோடைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். தனியாக ஊமையாகக் கிடக்கும் கட்டை, மற்ற இரண்டோடு சேரும்போது மட்டும் வேறொரு சுரத்தைக் கிளப்புவது முதல்முறை பார்க்கையில் குழப்பும். ஆனால் திருப்பிப் போட்ட டயோடு, மறிக்க வேண்டிய திசையில்தானே விடுகிறது. 24 கட்டையும் ஊமை என்றால், அத்தனையையும் ஒரே திசையில் மாற்றிப் போட்டிருப்பீர்கள். அதற்காக ஒன்றையும் கழற்ற வேண்டாம். நெடுக்கை இழுத்துக் குறுக்கைப் படிக்கும்படி புரோகிராமை மாற்றி, புல்-அப்பைக் குறுக்குப் பின்களுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது.