இன்டர்ன்ஷிப் அறிவிப்பில் எது கட்டாயத் திறன், எது இருந்தால் நல்லது?

கேள்வி: பர்கூரில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இன்டர்ன் தேவை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. டிராயிங் படித்தல், வெர்னியர் மற்றும் மைக்ரோமீட்டர், எக்செல், ஜிடி அண்ட் டி, செவன் க்யூசி டூல்ஸ், சிஎம்எம், மினிடாப், கன்னடம் என எட்டுத் திறன்கள் கேட்கிறார்கள். எனக்கு முதல் மூன்றுதான் தெரியும். விண்ணப்பிக்கலாமா?

பதில்:

விண்ணப்பிக்கலாம். ஓசூரில் இதே மாதிரியான ஒரு பிரிவில் வேலை செய்கிறேன். மாணவர் விண்ணப்பங்களைப் பார்த்து ஆள் எடுப்பதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால், உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் திறன்களை விட்டுவிட்டுத் தகுதி வரிகளைப் படியுங்கள். எந்தப் பிரிவு, எந்த ஆண்டு முடிக்கும் மாணவர், நிலுவைத் தாள் இருக்கலாமா, எத்தனை மாதம் முழுநேரம் வர வேண்டும் என்பவைதான் உண்மையான கட்டாயங்கள். விண்ணப்பப் படிவத்தில் நட்சத்திரக் குறியுடன் 'ஆம், இல்லை' என்று கேட்கப்படுபவை பெரும்பாலும் இவையே. ஆறு மாதம் என்று போட்டிருந்து, உங்கள் கல்லூரி ஒரு மாதம்தான் அனுமதிக்கும் என்றால், எட்டுத் திறன்களும் இருந்தாலும் பயன் இல்லை.

அடுத்து, திறன் பட்டியலைத் தனியாகப் படிக்காமல், அதே அறிவிப்பில் உள்ள பணிகள் பகுதியின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இன்டர்னுக்கான அறிவிப்பைப் பல இடங்களில் நிரந்தர வேலைக்கான பழைய அறிவிப்பிலிருந்து நகலெடுத்துத்தான் தயாரிக்கிறார்கள். அதனால் 'தேவையான திறன்கள்' என்ற தலைப்பின் கீழ் இருப்பதெல்லாம் தேவையானவை ஆகிவிடாது. உங்கள் அறிவிப்பில், உள்ளே வரும் பாகங்களை அளந்து பதிவு செய்தல், தினசரி ரிஜக்‌ஷன் அறிக்கை தயாரித்தல், குறைக்கான காரணம் கண்டறிய உதவுதல் என்ற மூன்று பணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பணிக்கு டிராயிங்கும் அளவுக் கருவியும் வேண்டும். இரண்டாவதற்கு எக்செல் வேண்டும். ஆகவே இந்த மூன்றும் கட்டாயம். குறைகளை ஆராய உதவும் ஏழு எளிய முறைகளான செவன் க்யூசி டூல்ஸ் மூன்றாவது பணியைச் சேர்ந்தது என்றாலும், அங்கே 'உதவுதல்' என்ற சொல் இருப்பதால் வந்த பிறகு கற்றுக்கொண்டால் போதும். முப்பரிமாணத்தில் அளக்கும் இயந்திரமான சிஎம்எம், புள்ளியியல் மென்பொருளான மினிடாப், கன்னடம் ஆகியவற்றைக் கேட்கும் பணி எதுவுமே இல்லை. அவை இருந்தால் நல்லது, அவ்வளவுதான். பாகத்தின் வடிவமும் இடநிலையும் எவ்வளவு விலகலாம் என்பதைக் குறிகளால் காட்டும் ஜிடி அண்ட் டி மட்டும் நடுவில் நிற்கிறது. டிராயிங்கில் அந்தக் குறிகள் வரும் என்பதால், சமதளம், இடநிலை, ரன்அவுட் ஆகியவற்றின் குறிகளையாவது அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

சொற்களும் துப்புக் கொடுக்கும். 'ஹேண்ட்ஸ் ஆன்' என்றால் கையில் கொடுத்துப் பார்ப்பார்கள். 'எக்ஸ்போஷர்', 'ப்ரிஃபர்டு', 'ஆடட் அட்வான்டேஜ்' என்றெல்லாம் இருந்தால், சமமான இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே அது கணக்கில் வரும். மாணவனாக இருந்தபோது சிஎம்எம் என்ற ஒரு சொல்லைக் கண்டு பயந்து, அதன் பின்னால் இருந்த 'ப்ரிஃபர்டு' என்பதைக் கவனிக்காமல், ஓர் இடத்திற்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. அங்கே சேர்ந்த என் வகுப்புத் தோழன், சிஎம்எம் இருந்த குளிரூட்டிய அறைக்குள் இன்டர்ன்களை விடவே இல்லை என்று பிறகு சொன்னான்.

கட்டாயம் என்று பிரித்தவற்றில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்று சோதித்துக்கொள்ளுங்கள். தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். டிராயிங்கில் 25 h7 என்று ஒரு தண்டின் விட்டம் இருந்தால், அது 24.979 முதல் 25.000 மி.மீ. வரை இருக்கலாம். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு மொத்தமே 0.021 மி.மீ. தான், 0.02 மி.மீ. வரை மட்டும் காட்டும் வெர்னியரை வைத்து அந்தத் தண்டு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, மைக்ரோமீட்டரை எடுக்க வேண்டும். நேர்காணலில் நாங்கள் கருவியைக் கையில் கொடுத்தால், மாணவர் சொல்லும் அளவைக் கேட்பதற்கு முன், தாடைகளை மூடிச் சுழியப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறாரா என்பதைத்தான் கவனிப்போம்.

ரெஸ்யூமேயில் முதல் மூன்றையும் மேலே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிச் சான்று எழுதுங்கள்: மெட்ராலஜி லேபில் எந்தக் கருவியால் எதை அளந்தீர்கள், எக்செலில் என்ன அட்டவணை போட்டீர்கள் என்று. செவன் க்யூசி டூல்ஸில் பரேட்டோ வரைபடம் ஒன்றை இந்த வாரமே போட்டுப் பார்த்துவிட்டு, 'அடிப்படை அறிவு' என்று குறிப்பிடலாம். சிஎம்எம்மை எழுதவே வேண்டாம். எழுதினால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.