போனஸ் கொடுத்த மாதம் மட்டும் நஷ்டம் காட்டுவது ஏன்?

கேள்வி: "சின்னத் தொழிற்சாலை, 12 பேர். சம்பளம் 1ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை, ஆனால் ஓவர்டைமை 26 முதல் 25 வரை கணக்கெடுக்கிறோம். ஓவர்டைமைச் சம்பளத்தோடு சேர்த்து ஒரே என்ட்ரியாகப் போடுகிறேன். போனஸ், லீவ் என்கேஷ்மெண்ட் இரண்டையும் பணம் கொடுக்கிற மாதம்தான் செலவில் எழுதுகிறேன். அந்த மாதம் மட்டும் பெரிய நஷ்டம் வருகிறது, முதலாளி என்னைக் கேட்கிறார். எப்படிப் பதிய வேண்டும்?"

முதலாளி கேட்பது நியாயம்தான். பணம் எந்த மாதம் போகிறது என்பதை வைத்துச் செலவு எழுதினால் இப்படித்தான் வரும். ஆள் எந்த மாதம் உழைத்தாரோ அந்த மாதத்துச் செலவு அது. போனஸும் லீவும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வருகிற கடன், நீங்கள் அந்தக் கடனைக் கொடுக்கிற நாளில்தான் முதல்முறையாகப் பார்க்கிறீர்கள்.

கணக்குக்கு வசதியாக ஆளுக்கு மாதம் 15,600 என்று வைத்துக்கொள்வோம். 26 வேலை நாள் என்றால் ஒரு நாளுக்கு 600, 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 75. ஓவர்டைம் இரட்டிப்பு என்றால் மணிக்கு 150. இந்த மாதம் மொத்தம் 120 மணி நேரம் ஓவர்டைம், பிடித்தம் 19,200 என்றால் மாதக் கடைசி என்ட்ரி இப்படி இருக்கும்:

சம்பளச் செலவு – பற்று 1,87,200
ஓவர்டைம் செலவு – பற்று 18,000
பிடித்தம் செலுத்த வேண்டியது – வரவு 19,200
கொடுபட வேண்டிய சம்பளம் – வரவு 1,86,000

ஓவர்டைமுக்குத் தனிப் பேரேடு கட்டாயம் வையுங்கள். சம்பளத்தோடு கலந்துவிட்டால், ஆர்டர் நெருக்கடியால் கூடிய செலவு எவ்வளவு, ஆள் கூடியதால் வந்த செலவு எவ்வளவு என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, அந்த 120 மணி நேரம் 25ஆம் தேதி வரைக்கும்தான். 26லிருந்து மாதக் கடைசி வரை ஆட்கள் பார்த்த ஓவர்டைம் அடுத்த மாதப் பட்டியலில்தான் வரும், ஆனால் உழைப்பு இந்த மாதத்தினுடையது. அந்த நாட்களில் 30 மணி நேரம் ஓடியிருந்தால் ஓவர்டைம் செலவு பற்று 4,500, கொடுபட வேண்டிய ஓவர்டைம் வரவு 4,500. அடுத்த மாதம் 1ஆம் தேதி இதையே அப்படியே திருப்பி எதிர்ப்பதிவு போட்டுவிடுங்கள், பட்டியல் வரும்போது முழுத் தொகையையும் வழக்கம்போலப் பதிந்தால் தானாகச் சரியாகிவிடும். எல்லா மாதமும் ஓவர்டைம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் இதைத் தவிர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் கடைசி வாரத்தில் அவசர ஆர்டர் வந்த மாதத்திலும் ஆண்டு முடிவிலும் விடவே கூடாது. கொடுபட வேண்டிய ஓவர்டைம் கணக்கில் ஒரே தொகை இரண்டு மூன்று மாதம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் எதிர்ப்பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

போனஸ் இதைவிட எளிது. வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று ஒப்புக்கொண்டிருந்தால் 12 பேருக்கு 1,87,200, அதை 12ஆல் வகுத்தால் மாதம் 15,600. ஒவ்வொரு மாதமும் போனஸ் செலவு பற்று, கொடுபட வேண்டிய போனஸ் வரவு. கொடுக்கிற நாளில் கொடுபட வேண்டிய போனஸ் பற்று, வங்கி வரவு, அவ்வளவுதான், செலவுக் கணக்கை அன்றைக்குத் தொடவே வேண்டாம். முதலாளி மனமுவந்து மொத்தம் 2,00,000 கொடுத்தால், கூடுதலான 12,800 மட்டும் அதை முடிவு செய்த மாதத்தின் செலவு, பழைய மாதங்களைத் திருத்தக் கூடாது. நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போய், விதிப்படி அவருக்குப் போனஸ் இல்லை என்றால், ஏழு மாதத்துக்குச் சேர்த்திருந்த 9,100 (மாதம் 1,300) திரும்பச் செலவில் கழிய வேண்டும். இதை மறந்தால் வருடக் கடைசியில் யாருக்கும் சேராத ஒரு தொகை அந்தக் கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

லீவ் என்கேஷ்மெண்ட்டில்தான் அனுபவம் உள்ளவர்களும் தவறுகிறார்கள். 12 பேருக்கும் சேர்த்து மாதம் 15 நாள் லீவ் சேர்கிறது என்றால், 15 × 600 = 9,000 என்று மாதாமாதம் ஒதுக்கு போட்டுவிடுவார்கள். நான் முதன்முதலில் சம்பளக் கணக்கு பார்த்தபோது இப்படித்தான் செய்தேன், ஆண்டு முடிவில் ஒதுக்கு, லீவ் பதிவேட்டை விட ஏகத்துக்கும் கூடுதலாக நின்றது. காரணம் தேட இரண்டு நாள் போயிற்று. ஆட்கள் எடுத்துக்கொண்ட லீவுக்கான கூலி சம்பளச் செலவிலேயே போய்விட்டது, அதே நாட்களை ஒதுக்கிலும் வைத்திருந்தேன்.

ஆகவே சேர்ந்த நாட்களை வைத்துக் கணக்கிடாதீர்கள், மீதமுள்ள நாட்களை வைத்துக் கணக்கிடுங்கள். போன மாதக் கடைசியில் மொத்த மீதி 140 நாள், ஒதுக்கு 84,000. இந்த மாதம் 15 நாள் சேர்ந்தது, 9 நாள் எடுத்தார்கள், மீதி 146 நாள். 146 × 600 = 87,600. பதிய வேண்டியது வித்தியாசமான 3,600 மட்டும்: லீவ் என்கேஷ்மெண்ட் செலவு பற்று, லீவ் என்கேஷ்மெண்ட் ஒதுக்கு வரவு. எடுத்த லீவ் சேர்ந்ததைவிட அதிகமான மாதத்தில் வித்தியாசம் எதிர்மறையாக வரும், அப்போது இதே என்ட்ரியைத் திருப்பிப் போட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை. ஒருவர் 20 நாள் மீதியோடு கணக்கு முடித்துப் போனால் ஒதுக்கு பற்று 12,000, வங்கி வரவு 12,000. அந்த 20 நாளை உடனே பதிவேட்டிலும் கழியுங்கள்.

கூலி உயர்வு வந்த மாதத்தில் கவனம் தேவை. ஒரு நாள் கூலி 600லிருந்து 660 ஆனால், பழைய 146 நாளும் இனி 660 விலையில்தான் கொடுபடும், ஒதுக்கு 96,360 ஆக வேண்டும். கூடிய 8,760 முழுவதும் உயர்வு வந்த மாதத்துச் செலவு, லீவ் எப்போதோ சேர்ந்தது என்றாலும். முதலாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், என்கேஷ்மெண்ட் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் என்றால் அந்த விகிதத்தையே போடுங்கள். குறிப்பிட்ட நாளுக்கு மேல் காலாவதியாகிற லீவை மீதியில் சேர்க்காதீர்கள்.

மாதம் ஒருமுறை, கொடுபட வேண்டிய போனஸ், லீவ் ஒதுக்கு இரண்டையும் ஆள்வாரிப் பட்டியலின் கூட்டுத்தொகையோடு வைத்துப் பாருங்கள். கணக்கு பற்று மீதி காட்டினால், சேர்த்து வைக்காமலே எங்கோ கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த ஆண்டு ஐந்து மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டதென்றால் இந்த மாதமே விட்டுப்போன போனஸ் 78,000ஐயும் இந்த மாதத்து 15,600ஐயும் சேர்த்துப் பதியுங்கள், லீவ் ஒதுக்கையும் இன்றைய மீதிப்படி நிறுத்துங்கள். அதில் முடிந்துபோன ஆண்டுக்குச் சேர வேண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் தனியாகக் குறித்து, இந்த மாதச் செலவில் போடும் முன் தணிக்கையாளரிடம் காட்டுங்கள், அது முந்தைய ஆண்டின் பிழையாகத் திருத்தப்பட வேண்டியதாக இருக்கலாம்.