பழைய வீடியோவின் தலைப்பை மாற்றித் தேடலில் மீட்பது

கேள்வி: மூன்று வருஷத்துக்கு முன் போட்ட சமையல் வீடியோவுக்குத் தேடலில் இருந்து ஆட்கள் வருவது குறைந்துகொண்டே போகிறது. தலைப்பையும் விளக்கத்தையும் மாற்றினால் திரும்ப வருவார்களா? மாற்றியதால்தான் வந்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருவார்கள். ஆனால் குறைந்ததற்குக் காரணம் தலைப்பாக இருந்தால் மட்டும்தான். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். என் சொந்த வீடியோ ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

நான் வெள்ளவத்தையில் இருந்து ஒரு சிறிய சமையல் சேனல் நடத்துகிறேன். அம்மா யாழ்ப்பாணம். அவர் மிளகாய்த்தூள் வறுத்து அரைப்பதை 2021இல் வீடியோவாகப் போட்டேன். தலைப்பு, "எங்கள் வீட்டு மிளகாய்த்தூள், அம்மாவின் பக்குவம்". ஒரு காலத்தில் 28 நாளைக்குத் தேடலில் இருந்து மட்டும் 900 பார்வை வரை வந்தது. போன வருஷம் அது 140க்கு வந்துவிட்டது.

YouTube Studioவில் அந்த வீடியோவின் Analytics பக்கத்துக்குப் போய், Advanced modeஇல் Traffic source என்பதைத் தேர்ந்து, YouTube search வரியை மட்டும் பார்த்தேன். மொத்தப் பார்வை இங்கே உதவாது. வாட்ஸ்அப் குழுவில் யாராவது லிங்கைப் பகிர்ந்தாலே அது ஏறிவிடும். தேடல் வரியில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று Impressions, அதாவது தேடல் முடிவுகளில் வீடியோ எத்தனை தடவை காட்டப்பட்டது. மற்றது click-through rate, பார்த்தவர்களில் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பது. முந்தைய வருஷம் அதே 28 நாளோடு ஒப்பிட்டால், காட்டப்பட்டது ஏறக்குறைய 11,000இல் இருந்து 4,000க்கும், அழுத்தியவர்கள் 8 சதவீதத்தில் இருந்து 3.5க்கும் இறங்கியிருந்தன. போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருஷத்து அதே நாட்களோடு ஒப்பிட்டதற்குக் காரணம், சமையல் தேடல் தைப்பொங்கல், தீபாவளி என்று ஏறி இறங்கும் என்பதுதான்.

சரி, மக்கள் தேடுவதே குறைந்திருக்கலாம் அல்லவா? அதைப் பார்க்கக் கை வைக்காத இன்னொரு பழைய வீடியோவை எடுத்துக்கொண்டேன், சீனிச் சம்பல். அதன் தேடல் எண்கள் போன வருஷம் மாதிரியே இருந்தன. ஆகவே குறை இந்த வீடியோவில்தான். இந்த ஒப்பீட்டு வீடியோவைச் சோதனை முடியும்வரை தொடவே கூடாது. தொட்டால் அளவுகோல் போய்விடும்.

தேவையே செத்துப்போன வீடியோவும் உண்டு. 2022இல் எரிபொருள் ஒதுக்கீட்டுக்கான கியூஆர் அட்டைக்குப் பதிவு செய்வது எப்படி என்று இங்கே இலங்கையில் பலர் போட்டார்கள். 2023 செப்டம்பரில் அந்த ஒதுக்கீட்டு முறை நிறுத்தப்பட்டதும் தேடலும் நின்றது. அப்போது அதற்கு எந்தத் தலைப்பு வைத்தும் பயனிருக்கவில்லை.

அப்புறம் YouTube search வரியை அழுத்தினால், எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் திறக்கும். எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். முதலிடத்தில் `மிளகாய் தூள் அரைப்பது எப்படி`. அப்படி வந்தவர்கள் ஒன்பது நிமிஷ வீடியோவில் சராசரி 40 விநாடிதான் இருந்தார்கள். கீழே `jaffna curry powder in tamil` என்று கொஞ்சப் பேர். அவர்கள் நாலு நிமிஷத்துக்கு மேல் இருந்தார்கள்.

ஏன் என்று யோசித்தால், நமக்கு மிளகாய்த்தூள் என்றால் செத்தல் மிளகாயோடு மல்லி, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைத்தது. தமிழ்நாட்டில் அதே சொல்லுக்கு வெறும் மிளகாயை அரைத்த தூள் என்று பொருள். அங்கிருந்து வந்தவர்கள் மல்லியை வறுப்பதைப் பார்த்ததும் போய்விட்டார்கள். வருகிறவர்கள் உடனே வெளியேறினால், அந்தத் தேடலுக்கு இந்த வீடியோ பொருத்தமில்லை என்று யூடியூப் எடுத்துக்கொள்ளும். இடம் இறங்கும். லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கிற நம் ஆட்களோ ஆங்கில எழுத்தில் தேடுகிறார்கள், என் தலைப்பில் அந்தச் சொல்லே இல்லை.

புதிய தலைப்பை இப்படி வைத்தேன்:

`யாழ்ப்பாண கறித்தூள் வீட்டில் வறுத்து அரைப்பது | Jaffna Curry Powder in Tamil`

தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம். தமிழில் புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும். "கறித்தூள்" நமக்கு ஐந்து எழுத்து, அங்கே ஒன்பது. இந்தத் தலைப்பு 76 வந்தது. போன் திரையில் நீளத் தலைப்பின் வால் மறைந்துவிடும் என்பதால் முக்கியமான சொல் முன்னால் இருக்க வேண்டும்.

தலைப்பை மட்டும்தான் மாற்றினேன். முகப்புப் படத்தையும் விளக்கத்தையும் தொடவில்லை. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. மாற்றிய தேதி, பழைய தலைப்பு, அன்றைய எண்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். ஸ்டூடியோ பழைய தலைப்பை நினைவில் வைத்து உங்களுக்குத் தராது.

முதல் வாரம் காட்டப்பட்டது பாதியாகக் குறைந்தது. திருப்பி மாற்றிவிடலாமா என்று கை பரபரத்தது. ஆனால் சொற்பட்டியலைப் பார்த்தபோது குறைந்தது அந்த 40 விநாடித் தேடல்தான் என்று தெரிந்தது. பொருந்தாத கூட்டம் போகிறது, சரியான கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில் பொறுமை இழந்து மறுபடி மறுபடி மாற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் எந்தத் தலைப்புக்கும் போதுமான நாள் கிடைக்காது. கடைசி இரண்டு நாள் எண்கள் முழுதாகச் சேர்ந்திருக்காது, அதை வைத்தும் முடிவெடுக்காதீர்கள்.

28 நாள் முடிவில் 3,100 தடவை காட்டப்பட்டு 6.8 சதவீதம் பேர் அழுத்தினார்கள், அதாவது 210 பார்வை. 140க்கும் 160க்கும் இடையில் வித்தியாசம் வந்திருந்தால் அதைத் தற்செயல் என்றுதான் எடுத்திருப்பேன். இங்கே நம்பிக்கை தந்தது வேறு எண்: தேடலில் இருந்து வந்தவர்கள் இருந்த சராசரி நேரம் 1 நிமிஷம் 20 விநாடியில் இருந்து 3:40க்குப் போயிருந்தது. அடுத்த 28 நாளில் 6,200 தடவை காட்டப்பட்டு 430 பார்வை வந்தது. சீனிச் சம்பல் அதே இடத்தில்தான் நின்றது. பழைய 900ஐ இன்னும் தொடவில்லை. அந்த 900இல் பொருந்தாத கூட்டமும் இருந்ததால், தொடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அதன் பிறகே விளக்கத்துக்கு வந்தேன். முதல் வரியில் "சேனலைப் பின்தொடருங்கள்" என்றும் ஃபேஸ்புக் லிங்கும் இருந்தன. அவற்றைக் கீழே தள்ளி, செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ என்று அளவுகளை முதல் இரண்டு வரியில் சாதாரண வாக்கியமாக எழுதினேன். தமிழ்நாட்டு ஆட்களுக்காக "காய்ந்த மிளகாய்" என்ற சொல்லையும் சேர்த்தேன். கீழே நேரக் குறிப்புகள் போட்டேன்:

```
00:00 தேவையான சரக்குகள்
01:30 மல்லி வறுத்தல்
03:45 செத்தல் மிளகாய் வறுத்தல்
06:50 அரைத்து ஆறவிடுதல்
```

`00:00`இல் தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்பு, ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையாமல் இருந்தால்தான் அவை அத்தியாயங்களாகப் பிரியும். இதனால் தேடல் பார்வை பெரிதாக ஏறவில்லை. `செத்தல் மிளகாய் வறுப்பது` என்ற ஒரு புதுத் தேடல் மட்டும் பட்டியலில் எட்டிப்பார்த்தது. ஆகவே உங்களுக்கு நேரம் குறைவு என்றால் முழுவதையும் தலைப்புக்கே செலவழியுங்கள்.

உங்கள் வீடியோவின் சொற்பட்டியலில் அதிகப் பேர் வருகிற சொல்லை விட, வந்தவர்கள் அதிக நேரம் தங்குகிற சொல் எது என்று முதலில் பாருங்கள். நான் இப்போது ஒடியல் கூழ் வீடியோவில் இதையே செய்துகொண்டிருக்கிறேன். `jaffna kool` என்று தேடுகிறவர்கள் ஒரு பக்கம், `odiyal kool` என்று தேடுகிறவர்கள் இன்னொரு பக்கம். தலைப்பை மாற்றி பதினொரு நாள் ஆகிறது, இன்னும் பதினேழு நாள் தொடாமல் விடப்போகிறேன்.