பாலிஹவுஸ் காப்பீடு: பாதிப் பணம்தான் ஏன் வரும்?

"குப்பம் பக்கம் அரை ஏக்கர் பாலிஹவுஸ், ஜெர்பரா. செலவு 20 லட்சம். பாதி மானியம், பாதி கடன். பேங்க் 10 லட்சத்துக்கு இன்சூர் செய்திருக்கிறது. புயல்காற்றில் 4 லட்சம் சேதம், சர்வேயர் 2 லட்சம்தான் என்கிறார். சரியா?"

வயிறு எரியும், ஆனால் கணக்கு சரிதான். பேங்க் பார்ப்பது தன் கடனை மட்டுமே. 20 லட்ச மதிப்புள்ள கூடாரத்தை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்று கம்பெனி எடுத்துக்கொள்ளும். சேதம் 4 லட்சமானாலும் பாதிதான் தரும். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை, பழைய ஷீட்டுக்கான தேய்மானம் கழியலாம். அடுத்த புதுப்பிப்பில், மானியத்தைக் கழிக்காமல், இன்று திரும்பக் கட்ட ஆகும் முழுச் செலவை எழுதச் சொல்லுங்கள்.

செடி வேறு கதை. பாலிசி ஷெட்யூலை எடுத்து, பைப், ஷீட், சொட்டுநீர் வரிகளுக்குக் கீழே பயிர் என்று தனி வரியும் தொகையும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கூரை கிழிந்து மழையில் அழுகிய பாத்திக்கு ஒரு பைசா வராது.

இன்னொன்று: கிழிந்த ஷீட்டை அவசரமாக அறுத்து எறியாதீர்கள். வளைந்த தூண், அடித்தளத்தோடு பிடுங்கிய பைப், எல்லாவற்றையும் படமெடுத்து, சர்வேயர் பார்த்த பிறகே கழற்றுங்கள்.