கறுப்புப் பட்டைக்குக் கீழே அட்டை எண் இருக்கிறதா?

கேள்வி: இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பணத்தைத் திருப்பித் தருவதற்கு என் கடன் அட்டைக் கணக்கு அறிக்கையை அனுப்பச் சொல்கிறார்கள். அட்டை எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தால் போதுமாம். பிடிஎஃப் கோப்பில் மற்ற இலக்கங்களின் மேல் கறுப்புப் பட்டை வைத்திருக்கிறேன். இப்படியே அனுப்பலாமா?

பதில்: இப்படியே அனுப்ப வேண்டாம். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தக் கோப்பைத் திறந்து, பட்டை உள்ள வரியை முழுவதுமாகத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, ஏதேனும் ஒரு வெற்றுக் குறிப்பில் ஒட்டுங்கள். பதினாறு இலக்கங்களும் அங்கே வந்து நின்றால், நீங்கள் எண்ணை நீக்கவில்லை, அதன் மேல் ஒரு படத்தை மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். பல பிடிஎஃப் செயலிகளில் கட்டம் வரையும் வசதி அவ்வளவுதான் செய்கிறது. அடியில் இருக்கும் எழுத்து அப்படியே இருக்கும்.

பட்டை வைத்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை மட்டும் அனுப்புவது எளிய வழி. பட்டை முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள மார்க்கர் பேனாவால் தீட்டினால், அது சற்றே ஊடுருவித் தெரியும் வகையாக இருக்கக்கூடும். படத்தின் பிரகாசத்தைக் கூட்டினால் இலக்கங்கள் மங்கலாக எழுந்து வரும். மங்கலாக்கும் வசதியையும் நம்ப வேண்டாம், ஏனெனில் இலக்கங்களுக்குப் பத்தே வடிவங்கள்தான். ஒவ்வொன்றையும் அதே அளவில் மங்கலாக்கி ஒப்பிட்டுப் பார்த்தால் ஊகித்துவிடலாம்.

எண் ஒரே இடத்தில்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும், அடியில் உள்ள பணம் கட்டும் சீட்டிலும், சில சமயம் கோப்பின் பெயரிலேயேகூட அது திரும்ப வரும். முதல் பக்கத்தை மறைத்துவிட்டு மூன்றாம் பக்கத்தை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஒன்றிரண்டு இலக்கங்கள் வெளியே தெரிந்தால் என்ன என்று தோன்றலாம். அட்டை எண்ணின் கடைசி இலக்கம் வெறுமனே வைக்கப்பட்டதன்று. அது சரிபார்ப்பு இலக்கம். வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது இலக்கம் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டிப்பாக்கி, 9-ஐத் தாண்டுவதில் 9-ஐக் கழித்து, எல்லா இலக்கங்களையும் கூட்டினால், கூட்டுத்தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இதை லூன் முறை என்பார்கள். சோதனைக்கென்றே பலரும் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணில் பன்னிரண்டாவது இலக்கத்தை மட்டும் மறைப்போம். மற்றவற்றின் கூட்டுத்தொகை 29. ஆகவே மறைந்திருப்பது 1 என்பதைத் தவிர வேறெதுவாகவும் இருக்க முடியாது.

முதல் ஆறும் கடைசி நான்கும் தெரிந்தால், நடுவில் உள்ள ஆறு இலக்கங்களுக்குப் பத்து லட்சம் வாய்ப்புகள் உண்டு. லூன் முறை அவற்றை ஒரு லட்சமாகக் குறைத்துவிடுகிறது. பட்டை சற்று விலகி மேலும் இரண்டு இலக்கங்கள் தெரிந்தால், மிஞ்சுவது ஆயிரம் மட்டுமே. முதல் ஆறை மறைத்துவிட்டால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த முதற்பகுதி வங்கியையும் அட்டை வகையையும் குறிப்பது. அறிக்கையின் தலைப்பில் வங்கியின் பெயரும் அட்டையின் பெயரும் அச்சாகியிருக்கும்போது, அதை ஊகிப்பது கடினமான வேலையன்று. இருந்தாலும் கடைசி நான்கைத் தவிர எதையும் காட்டாமலிருப்பதே சரி. வங்கிக் கணக்கு எண்ணிலும் இதே கவனம் வேண்டும், அதுவும் எண் குட்டையாக இருந்து, அதன் தொடக்கம் கிளையைக் குறிப்பதாக இருந்தால் இன்னும் கூடுதலாக.

அறிக்கையில் விற்பனையாளருக்குத் தேவைப்படுவது அந்த ஒரு பரிவர்த்தனையின் வரி: தேதி, தொகை, கடையின் பெயர். அதனுடன் கடைசி நான்கு இலக்கங்களும் உங்கள் பெயரும் போதும். மற்ற செலவுகளின் வரிகளையும் முகவரியையும் தயங்காமல் மறையுங்கள். அட்டையின் புகைப்படத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள். எண் புடைத்திருக்கும் அட்டையில் முன்பக்கத்தை மறைத்தாலும், பின்பக்கப் படத்தில் அதே இலக்கங்கள் இடவலம் மாறிப் பதிந்திருப்பது தெரியும். மூன்று இலக்கப் பாதுகாப்பு எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்புவதற்கு அந்த எண் தேவைப்படுவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு, "கடைசி நான்கு இலக்கங்கள் எங்கள் பதிவோடு ஒத்துப்போகவில்லை" என்று பதில் வந்தால் பதற வேண்டாம். கைப்பேசிப் பணப்பையின் வழியாகப் பணம் கட்டியிருந்தால், அட்டையின் உண்மையான எண்ணுக்குப் பதிலாக அந்தக் கைப்பேசிக்கென்று உருவாக்கப்பட்ட மாற்று எண்தான் கடைக்குச் சென்றிருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பணப்பைச் செயலியில் அந்த அட்டையின் விவரப் பக்கத்தில் பார்த்து, அவற்றையும் எழுதி அனுப்புங்கள்.