விற்பவர் அனுப்பிய படம் அவர் எடுத்ததுதானா?

"பழைய சைக்கிள் விற்கிற ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். வேறு எங்கிருந்தாவது எடுத்துப் போட்டிருப்பாரோ, எடிட் செய்திருப்பாரோ என்று சந்தேகம். மெட்டாடேட்டா பார்த்தேன், காலியாக இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?"

காலியாக இருக்கிறது என்பதற்காக அவரைச் சந்தேகிக்க வேண்டாம். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாலே தேதி, கேமரா, இட விவரங்கள் நீங்கிவிடும். ஆகவே முதலில் தேடிப் பாருங்கள்.

முழுப் படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டால் அதே மாடல் சைக்கிள்கள் வரிசைகட்டி வரும். அவற்றை விட்டுவிட்டு, அதே புகைப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் உரிந்த இடம், சுவரில் உள்ள கறை, தரையில் விழும் நிழல் மூன்றும் ஒத்துப்போனால் அது அதே படம்தான்.

பழைய படத்தை எடுத்துப் போடுகிறவர்கள் தேடலில் சிக்காமலிருக்க அதை இடவலமாகத் திருப்புவதுண்டு. சைக்கிளில் இதைச் சுலபமாகப் பிடித்துவிடலாம். அநேகமாக எல்லா சைக்கிளிலும் செயின், ஓட்டுபவரின் வலப்பக்கம்தான் இருக்கும். படத்தில் இடப்பக்கம் தெரிந்தால், போன் எடிட்டரில் திருப்பிவிட்டு மறுபடி தேடுங்கள்.

அப்புறம் tineye.com. அங்கே Oldest என்று வரிசைப்படுத்தினால், அந்தப் படம் அந்தத் தளத்தின் கண்ணில் முதலில் பட்ட தேதி மேலே வரும். எடுத்த தேதி அல்ல. ஆனாலும் "போன வாரம் எடுத்தேன்" என்றவரின் படம் மூன்று வருடம் முன்பே வேறொரு விளம்பரத்தில் இருந்தால், வேறென்ன கேட்க வேண்டும்? ஒன்றுமே அகப்படாவிட்டால் மட்டும் படம் சுத்தம் என்று நினைக்காதீர்கள். லாகின் செய்தால்தான் தெரிகிற குழுக்களுக்குள் இந்தத் தேடல்கள் பெரும்பாலும் போவதில்லை.

சரி, மெட்டாடேட்டாவுக்கு வருவோம். அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும், படத்தின் மெட்டாடேட்டாவைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவி, கமாண்ட் விண்டோவில் இந்த வரிகளைக் கொடுங்கள்:

```
exiftool photo.jpg
exiftool -b -ThumbnailImage photo.jpg > t.jpg
```

முதல் வரி தருவதில் எடுத்த நேரமும் (DateTimeOriginal) மாற்றிய நேரமும் (ModifyDate) வெகுவாக விலகியிருக்கிறதா என்று பாருங்கள். Software என்ற இடத்தில் ஏதோ எழுதியிருந்தாலே எடிட் என்று முடிவு கட்ட வேண்டாம். பல போன்கள் தங்கள் சிஸ்டம் பதிப்பைத்தான் அங்கே எழுதும். ஃபோட்டோஷாப் போன்ற பெயர் இருந்தால் கேள்வி கேளுங்கள். வெளிச்சத்தைக் கூட்டியிருந்தாலும் அந்தப் பெயர் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது வரி, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் குட்டிப் படத்தை வெளியே எடுக்கும். சில எடிட்டர்கள் பெரிய படத்தை மாற்றிவிட்டு இதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும். அப்படியானால், அழித்த துருவோ வெட்டிய ஓரமோ குட்டிப் படத்தில் அப்படியே இருக்கும். எல்லாக் கோப்பிலும் இது கிடைக்காது.

தேதியையும் கேமரா பெயரையும் இதே எக்ஸிஃப்டூல் கொண்டு யாரும் மாற்றி எழுதலாம். அதனால் நான் மெட்டாடேட்டாவை மட்டும் நம்பிப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டேன். ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பி ஒரு படம், சைக்கிளைக் கவிழ்த்து, பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண் தெரிய இன்னொரு படம் கேளுங்கள். சைக்கிள் கையில் இருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை.